தேடல், பரிந்துரை, வெளி இணைப்பு: ஒரு தையல் வீடியோவின் மெட்டாடேட்டாவைத் திருத்திய பதிவு

தையல் கற்றுத்தரும் தோழி ஒருவர் தமது யூடியூப் சேனலின் கணக்கைப் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். மெஷின் பராமரிப்பு பற்றி அவர் வெளியிட்ட தொடரில் மூன்றாவது வீடியோ அது. பதினான்கு நிமிடம் ஓடுகிறது. “மொத்தப் பார்வைகள் கூடியிருக்கின்றன. ஆனால் தேடலிலிருந்து வருவோர் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். தலைப்பையும் குறிச்சொற்களையும் முழுக்க மாற்றிவிடலாமா?” என்பது அவர் கேள்வி. மாற்றுவதற்கு முன் எண்களைப் பார்ப்போம் என்று சொன்னேன். பார்த்ததையும், எதைத் திருத்தினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

யூடியூப் ஸ்டுடியோவில் அந்த ஒரு வீடியோவைத் திறந்து, அனலிட்டிக்ஸ் பகுதியில் Reach என்ற தாவலுக்குப் போனால், பார்வையாளர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதிலிருந்து Advanced mode-க்குள் போய், Traffic source என்ற பிரிவைத் தேர்ந்தால்தான் வேலைக்கு உதவும் அட்டவணை வரும். திரையில் YouTube search, Suggested videos, External என்று வருபவற்றை இந்தப் பதிவில் தேடல், பரிந்துரை, வெளி இணைப்பு என்றே சொல்கிறேன். இவை தவிர Browse features, Channel pages, Direct or unknown போன்ற வரிசைகளும் உண்டு. இந்த வீடியோவில் அவற்றின் பங்கு சிறியது. அவற்றை ‘மற்றவை’ என்று ஒன்றாக வைத்துவிட்டேன்.

காலத்தைத் தொண்ணூறு நாளாக வைத்தோம். இருபத்தெட்டு நாள் கணக்கு, நாளைக்குச் சில பத்துப் பார்வைகள் மட்டுமே வரும் வீடியோவுக்குப் போதாது. தேடல் சொற்கள் வரை இறங்கிப் பார்க்கும்போது எண்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. தொண்ணூறு நாளை எடுத்து, ஒப்பிடும் வசதியில் அதற்கு முந்தைய தொண்ணூறு நாளையும் பக்கத்தில் வைத்தோம்.

குறைந்தது பங்கு, பார்வைகள் அல்ல

முந்தைய தொண்ணூறு நாளில் மொத்தப் பார்வைகள் 4,000. அதில் தேடல் 2,300, பரிந்துரை 700, வெளி இணைப்பு 400, மற்றவை 600. அடுத்த தொண்ணூறு நாளில் மொத்தம் 6,200. தேடல் 2,200, பரிந்துரை 800, வெளி இணைப்பு 2,500, மற்றவை 700.

தேடலின் பங்கு 57.5 சதவீதத்திலிருந்து 35.5 சதவீதத்துக்கு இறங்கியிருப்பது உண்மைதான். தோழி பார்த்துக் கவலைப்பட்டது அந்த எண்ணைத்தான், ஏனெனில் முதலில் கண்ணில் படும் அட்டை சதவீதத்தையே காட்டுகிறது. ஆனால் தேடலில் வந்த ஆட்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வெளியிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய பார்வைகள் வந்து மொத்தத்தைப் பெரிதாக்கியதால் தேடலின் பங்கு சுருங்கித் தெரிகிறது. இந்த நிலையில் “தேடல் குறைந்துவிட்டது” என்று நம்பித் தலைப்பை மாற்றியிருந்தால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாக ஆகியிருக்கும். அதைவிட மோசம், மாற்றத்துக்குப் பிறகு வெளி இணைப்பின் அலை தானாக ஓய்ந்து தேடலின் பங்கு ஏறும்போது, புதிய தலைப்பு வேலை செய்தது என்ற தவறான பாடமும் கிடைத்திருக்கும். ஆகவே பங்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் எண்ணிக்கையையும் சராசரிப் பார்வை நேரத்தையும் மட்டுமே எடுத்துக்கொண்டோம். அந்த நேரம் Average view duration என்ற பத்தியில் வரும்.

வெளி இணைப்பை முதலில் திறந்தோம், அலை அங்கேதான் எழுந்திருந்தது. 2,500-இல் 1,500 பார்வைகள் வாட்ஸப்பிலிருந்து; சராசரி 1 நிமிடம் 20 வினாடி. 600 பார்வைகள் ஒரு தையல் வகுப்பின் இணையப் பக்கத்திலிருந்து. அங்கே வீடியோவைப் பாடத்துக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள், சராசரி ஒன்பது நிமிடத்துக்கு மேல். கூகுள் தேடலில் 300. மிச்சம் சில்லறை. கூகுளில் தேடி வருபவர்கள் யூடியூப் தேடலில் சேர மாட்டார்கள், வெளி இணைப்பில்தான் வருவார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய காலத்தில் 400-இல் 280 கூகுள்தான். அந்தப் பகுதி மாறவே இல்லை. ஆகவே கூகுளைப் பொறுத்தும் எதுவும் விழவில்லை.

பதித்து வைத்த பக்கத்திலிருந்து வருபவர் ஆசிரியர் சொன்னதால் பார்க்கிறார். தலைப்பு அவரைக் கவர வேண்டிய அவசியமே இல்லை. வாட்ஸப்பில் வருபவருக்கு இணைப்பின் முன்னோட்டத்தில் தம்ப்நெயிலும் தலைப்பும் தெரியும் என்றாலும், அவரை அழுத்த வைப்பது அனுப்பியவரின் சொல். தலைப்பு, விளக்கக் குறிப்பு, குறிச்சொல் என்ற மெட்டாடேட்டாவைத் திருத்தி இந்த இரண்டு கூட்டத்தையும் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வாட்ஸப் கூட்டம் ஏன் 1:20-இல் போய்விடுகிறது என்பது மட்டும் மனத்தில் நின்றது. அதற்கான விடை தேடல் பட்டியலில் கிடைத்தது.

தேடல் சொற்கள்

தேடல் என்ற வரிசையை அழுத்தினால், மக்கள் தட்டச்சு செய்த சொற்கள் பார்வைகளோடு வரும். எல்லாச் சொற்களும் வராது. மிகக் குறைவாக வந்தவை விடுபட்டிருக்கும். எனவே பட்டியலைக் கூட்டினால் 2,200 வராது. எங்களுக்குக் கண்ணில் பட்ட முக்கியமான சொற்கள் அதில் பாதியளவைத்தான் தொட்டன. சொல், பார்வைகள், சராசரிப் பார்வை நேரம் என்ற வரிசையில் அப்படியே தருகிறேன்:

```
தையல் மெஷின் நூல் சிக்கல்             310   1:05
thaiyal machine nool sikkal           260   1:10
sewing machine repair tamil           220   4:50
தையல் மெஷின் அடியில் நூல் சுத்துது     140   1:20
கை தையல் மெஷின்                       70   0:25
மெஷின் சர்வீஸ் செய்வது எப்படி          60   5:30
பாபின் நூல் மேலே தெரிகிறது             50   1:50
தையல் இயந்திரப் பராமரிப்பு             40   6:10
```

வீடியோவின் தலைப்பு அப்போது ‘தையல் இயந்திரப் பராமரிப்பு – பகுதி 3’ என்று இருந்தது. பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கள். அந்தத் தலைப்பைப் போலவே தேடியவர்கள் நாற்பது பேர்தான். ஆனால் வந்தவர்கள் ஆறு நிமிடம் இருந்திருக்கிறார்கள். முதல் வரி, இரண்டாம் வரி, நான்காம் வரி மூன்றும் ஒரே பிரச்சினையைச் சொல்கின்றன: தைக்கும்போது துணியின் அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் மொத்தம் 710 பேர். தலைப்பில் அந்தப் பிரச்சினை இல்லவே இல்லை. விளக்கக் குறிப்பின் கடைசி வரியில் மட்டும், “அடியில் நூல் சிக்கினால் என்ன செய்வது என்பதும் உண்டு” என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் இருந்தது. அவ்வளவு மெல்லிய பிடியிலேயே எழுநூறு பேர் வந்திருக்கிறார்கள் என்றால், அதே கேள்வியோடு இன்னும் பலர் தேடலில் இருக்கிறார்கள், இந்த வீடியோ அவர்களுக்குக் கீழே எங்கோ காட்டப்படுகிறது அல்லது காட்டப்பட்டும் அவர்கள் தலைப்பைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்று கொள்ளலாம்.

இங்கே பார்வைகளை மட்டும் பார்ப்பதும் போதாது, பார்வை நேரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரிகிறது. ஒரு சொல்லில் குறைவான பேர் வந்து நெடுநேரம் இருந்தால், வீடியோவில் சரக்கு இருக்கிறது, அதைத் தேடுபவரின் சொல் தலைப்பில் இல்லை என்று பொருள். நிறையப் பேர் வந்து உடனே போனால், வந்தவர் தேடியது வீடியோவில் இல்லை, அல்லது இருந்தும் அவர் கண்ணில் படவில்லை. நிறையப் பேர் வந்து நெடுநேரம் இருந்தால் அந்தச் சொல்லைத் தாங்கிநிற்கும் வாக்கியத்தைத் தொடவே கூடாது. sewing machine repair tamil என்ற வரி அப்படிப்பட்டது. 220 பேர், ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

நூல் சிக்கலோடு வந்த 710 பேர் ஒரு நிமிடச் சொச்சத்தில் போயிருக்கிறார்கள். வீடியோவில் விடை இல்லையா? இருக்கிறது. முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் அறிமுகம், பிறகு துணியை நகர்த்தும் பற்பட்டையைத் திறந்து தூசியையும் நூல் துணுக்குகளையும் எடுப்பது, ஊசி மாற்றுவது. 6:12-இல்தான் அந்த விடை வருகிறது. அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் கீழ் நூலில் கோளாறு என்றே எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்தால், டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவே உட்காராது. பிடிப்பு இல்லாத மேல் நூல் அடியில் தளர்ந்து இறங்கிச் சிக்குகிறது. பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை முழுக்க உருவி மீண்டும் கோத்தால் பெரும்பாலான மெஷின்களில் சரியாகிவிடும். இதைத் தோழி மிக அழகாக, மெதுவாகச் செய்துகாட்டுகிறார். ஆனால் தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு, சிக்கிய துணியை மெஷினிலேயே விட்டுவிட்டுத் தேடுகிற ஒருவர், தூசி எடுப்பதை ஆறு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வாட்ஸப்பில் வந்தவர்களும் அதே இடத்தில் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்களுடைய நேரமும் ஏறத்தாழ அதேதான்.

ஆக, அந்த 710 பேருக்குத் தலைப்பைத் திருத்துவது, விடை வரும் நிமிடத்தை விளக்கத்தில் நேரக்குறியாகப் போடுவது என்று இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது இன்னும் பலரைக் கொண்டுவரும். இரண்டாவது வந்தவரை விடைக்கு அழைத்துப்போகும். இரண்டாவதை முதலில் செய்ய வேண்டும் என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் போய்விடும் வீடியோவுக்கு இன்னும் ஆயிரம் பேரைத் தலைப்பால் கூட்டிவந்தால், அந்த ஆயிரம் பேரும் ஒரு நிமிடத்தில் போவார்கள். தேடலில் ஒரு வீடியோ எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கணிக்கும்போது, அந்தத் தேடலில் வந்தவர்கள் பார்த்த நேரத்தையும் யூடியூப் கணக்கில் கொள்கிறது. திருத்தத்தின் வரிசை மாறினால் பலனும் மாறிவிடலாம்.

‘கை தையல் மெஷின்’ என்ற வரி வேறு வகை. கையில் பிடித்துத் தைக்கும் சிறிய கருவியைத் தேடுபவர்கள் அவர்கள். விளக்கக் குறிப்பில் “கை தையல், மெஷின் தையல் இரண்டும் கற்றுத்தருகிறோம்” என்ற சேனல் அறிமுகம் ஒவ்வொரு வீடியோவின் கீழேயும் ஒட்டப்பட்டிருந்தது. எழுபது பேர் 25 வினாடியில் போயிருக்கிறார்கள். அந்த வரியை இந்த வீடியோவிலிருந்து நீக்கிவிட்டோம். எழுபது பார்வைகள் போகுமே என்று தோழி தயங்கினார். போகட்டும்; அவர்கள் இந்த வீடியோவில் எதையும் பெறப்போவதில்லை.

பரிந்துரை வரிசை

பரிந்துரையில் 800 பார்வைகள். இங்கே கூடுதலாக இரண்டு எண்களைப் பார்க்கலாம்: தம்ப்நெயில் எத்தனை தடவை காட்டப்பட்டது, காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் அழுத்தப்பட்டது. தம்ப்நெயிலின் பாதியாவது ஒரு வினாடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் அது ஒரு தடவையாகக் கணக்கில் ஏறும். வெளித் தளங்களில் தெரிவது இந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வெளி இணைப்பு வரிசையில் இந்தப் பத்திகள் வெறுமையாக இருக்கின்றன.

முந்தைய காலத்தில் பரிந்துரையில் 30,000 தடவை காட்டப்பட்டு 2.3 சதவீதம் அழுத்தப்பட்டிருந்தது. இந்தக் காலத்தில் 80,000 தடவை காட்டப்பட்டு 1 சதவீதம். இதைப் பார்த்ததும் தம்ப்நெயிலை மாற்றத் தோன்றுவது இயல்பு. உலகம் முழுக்கப் பாதிச் சேனல்களும் வீடியோக்களும் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கின்றன என்று யூடியூபே சொல்லியிருப்பதால், 1 என்ற எண் பயமுறுத்தவும் செய்யும். ஆனால் ஒரு வீடியோ புதிய இடங்களில் காட்டப்படத் தொடங்கும்போது விகிதம் இறங்கத்தான் செய்யும், அக்கறையில்லாதவர்கள் முன்னாலும் அது போய் நிற்பதால்.

எனவே பரிந்துரை வரிசையைத் திறந்து, எந்தெந்த வீடியோக்களின் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று பார்த்தோம். 340 பார்வைகள் தோழியின் சொந்தத் தொடரின் முதல் இரண்டு பகுதிகளிலிருந்து. 200 பார்வைகள் இதே நூல் சிக்கலைப் பேசும் பிறருடைய வீடியோக்களிலிருந்து, சராசரி ஐந்து நிமிடம். 90 பார்வைகள் ‘எந்த மெஷின் வாங்கலாம்’ வகை வீடியோக்களிலிருந்து, சராசரி 40 வினாடி. மிச்சம் ஒன்றிரண்டாகச் சிதறியவை. பொருந்தும் இடத்திலிருந்து வந்தவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். மெஷின் வாங்க நினைப்பவருக்குப் பழுதுபார்ப்பு வேண்டாம். அவர் அழுத்தாமல் போவதோ, அழுத்திவிட்டு உடனே போவதோ தம்ப்நெயிலின் குற்றமில்லை. அவரைப் பிடிக்கும்படி தம்ப்நெயிலை மாற்றினால், இப்போது ஐந்து நிமிடம் பார்ப்பவர் குழம்புவார். பரிந்துரைக்காக எதையும் திருத்துவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆனால் அந்த 340 என்ற எண் தலைப்பு மாற்றத்துக்கு ஓர் எல்லையைப் போட்டது. முதல் இரண்டு பகுதிகளின் விளக்கக் குறிப்பில் “அடுத்த பகுதி” என்று இந்த வீடியோவின் இணைப்பு இருக்கிறது. வீடியோக்களின் விளக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்தி வருபவர்களும் பரிந்துரை வரிசையில்தான் எண்ணப்படுகிறார்கள். இது பலருக்குத் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்து “யூடியூப் நம் வீடியோவைப் பரிந்துரைக்கிறது” என்று நினைத்துவிடுகிறார்கள். தொடராகப் பார்த்து வருபவருக்கு இது மூன்றாம் பகுதி என்று தெரிய வேண்டும். ஆகவே புதிய தலைப்பில் எதை மாற்றினாலும் வரிசை எண் எங்காவது இருந்தாக வேண்டும்.

திருத்தியது

முதல் கட்டமாக விளக்கக் குறிப்பை மாற்றினோம். கடைசி வரியில் கிடந்த நூல் சிக்கலை முதல் வாக்கியமாக்கி, விடை எந்த நிமிடத்தில் வருகிறது என்பதையும் அங்கேயே எழுதினோம். குறிப்பில் முதல் இரண்டு வரிக்கு மேல் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதில்லை. பிறகு நேரக்குறிகள்:

```
00:00 அறிமுகம்
00:50 தூசியும் நூல் துணுக்கும் எடுத்தல்
03:20 ஊசி மாற்றுதல்
06:12 அடியில் நூல் சிக்கினால்: மேல் நூலை மீண்டும் கோத்தல்
08:40 டென்ஷன் சரிபார்த்தல்
10:40 பாபின் பெட்டி
12:15 எண்ணெய் விடுதல்
```

முதல் குறி 00:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் வீடியோவின் ஓட்டக் கோட்டில் பிரிவுகள் வராது. சேமித்தபின் வீடியோவைத் திறந்து கோடு துண்டு துண்டாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டோம். வாட்ஸப்பில் மாணவிகளுக்கு அனுப்ப, நேராக அந்த இடத்தில் திறக்கும் இணைப்பையும் தோழி குறித்துக்கொண்டார். 6 நிமிடம் 12 வினாடி என்பது 372 வினாடி:

```
https://youtu.be/VIDEO_ID?t=372
```

குறிச்சொற்கள் பகுதியில் ஐந்நூறு எழுத்துகளும் நிரப்பப்பட்டிருந்தன. அதைத் தொடவில்லை. பலரும் பிழையாக எழுதும் பெயர்களுக்குத்தான் குறிச்சொல் உதவும், மற்றபடி அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூப் வெளிப்படையாகவே சொல்கிறது. அதில் ஒரு மாலையைச் செலவழிப்பதைவிட 6:12-ஐ முதல் வரியில் எழுதுவது மேல்.

தலைப்பை அப்போது மாற்றவில்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு பிரிக்க முடியாது. இருபத்தெட்டு நாள் விட்டோம். கணக்கு வந்துசேர இரண்டொரு நாள் தாமதமாகும் என்பதால் கடைசி இரண்டு நாளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

தேடல் பார்வைகள் முன்பு இருபத்தெட்டு நாளுக்குச் சுமார் 690, இப்போது 700. மாற்றமில்லை. விளக்கமும் நேரக்குறியும் மாறினால் பார்வை பெருகும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் ‘தையல் மெஷின் நூல் சிக்கல்’ வரியில் சராசரி நேரம் 1:05-இலிருந்து 2:10-ஆகியிருந்தது. இரண்டு நிமிடம்தானே என்று தோழிக்கு ஏமாற்றம். அந்தப் பகுதி 6:12-இல் தொடங்கி 8:40-இல் முடிகிறது, அதாவது 2 நிமிடம் 28 வினாடி. நேரக்குறியை அழுத்தி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மெஷினைச் சரிசெய்யப் போய்விடுகிறார். பதினான்கு நிமிடத்தோடு ஒப்பிட்டால் 2:10 சிறிதாகத் தெரியும். அவர் தேடிவந்த பகுதியோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய முழுமை. சராசரி நேரத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

இப்போது தலைப்பு. பழையதை ஒரு தாளில் தேதியோடு எழுதிவைத்தோம், பலன் இல்லையென்றால் திரும்பப் போட வேண்டியிருக்கும். பல வடிவங்களை எழுதிப் பார்த்து முடிவானது இது:

```
தையல் மெஷின் அடியில் நூல் சிக்கலா? சரிசெய்யும் முறை | மெஷின் சர்வீஸ் 3
```

கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பு வெட்டுப்படும் என்பதால், தேடுபவரின் பிரச்சினை முன்னால் நிற்கிறது. பராமரிப்புக்காக வந்து நெடுநேரம் பார்க்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரை இழக்கக் கூடாது என்பதால் ‘சர்வீஸ்’ பின்னால் இருக்கிறது. தொடரில் வருபவருக்கு 3 இருக்கிறது. தலைப்பு சொல்வதை வீடியோ உண்மையிலேயே தருகிறதா என்றும் யோசித்தோம். தூசி, ஊசி, மேல் நூல், டென்ஷன், பாபின் எல்லாமே நூல் சிக்குவதற்குக் காரணமாகக்கூடியவை. எண்ணெய் விடும் கடைசிப் பகுதி மட்டுமே விலகி நிற்கிறது. ஆகவே தலைப்பு பொய் சொல்லவில்லை. வீடியோவில் அரை நிமிடம் மட்டுமே பேசிய ஒன்று தேடல் பட்டியலில் முதலில் வந்திருந்தால், அதைத் தலைப்பாக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

தம்ப்நெயிலில் கை வைக்கவில்லை. அடுத்த இருபத்தெட்டு நாளில் தேடலில் காட்டப்பட்ட தடவைகள் 13,700-லிருந்து 20,000-ஆக ஏறின. அழுத்திய விகிதம் 5-இலிருந்து 5.5 சதவீதம். பார்வைகள் சுமார் 1,100. நூல் சிக்கல் வரிகளின் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேலேயே நின்றது, அதாவது புதிதாக வந்தவர்களும் அதே தேவையோடு வந்தவர்கள். பராமரிப்புச் சொற்களில் சில பார்வைகள் குறைந்தன. அவர்கள் இருந்த நேரம் குறையவில்லை. தொடரின் முதலிரண்டு பகுதிகளிலிருந்து வருவோர் முன்போலவே வந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஏற்றம் தலைப்பால் வந்ததா, அந்த மாதத்தில் எல்லோரும் அதிகமாகத் தைத்ததால் வந்ததா என்று ஒரு சந்தேகம் எழ வேண்டும். அதற்காகவே இரண்டாம் பகுதியைத் தொடாமல் வைத்திருந்தோம். அதே சேனல், அதே வகைப் பார்வையாளர்கள். அதில் தேடல் 400-லிருந்து 420-ஆகத்தான் ஏறியிருந்தது. பருவத்தின் பங்கு அவ்வளவு சிறியதென்றால், மூன்றாம் பகுதியின் ஏற்றத்தில் பெரும்பகுதி தலைப்புக்கே சேரும். ஒரே ஒரு வீடியோவை வைத்துச் சொல்வதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

‘பாபின் நூல் மேலே தெரிகிறது’ என்ற வரி மட்டும் தீராமல் இருக்கிறது. கீழ் நூல் துணியின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிவது, பெரும்பாலும் மேல் நூலின் டென்ஷன் அளவுக்கு மீறி இறுகியிருப்பதால் வருவது. அடியில் சிக்குவதற்கு நேர் எதிரான கோளாறு. இந்த வீடியோவில் அதற்கு விடை இல்லை. டென்ஷன் பகுதியில் தளர்ந்திருந்தால் இறுக்குவதைப் பற்றி மட்டுமே பேச்சு. அந்தச் சொல்லை விளக்கத்தில் சேர்த்தால் ஐம்பது பேர் நூறு பேராவார்கள், நூறு பேரும் வெறுங்கையோடு போவார்கள். ஆகவே சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக மூன்று நிமிட வீடியோ எடுக்கப்போகிறார் தோழி. வந்ததும் அதன் இணைப்பை 08:40 என்ற நேரக்குறியின் கீழே போட இடம் விட்டிருக்கிறோம். அங்கிருந்து போகிறவர்கள் புதிய வீடியோவின் பரிந்துரை வரிசையில் தெரிவார்கள். அதன் முதல் மாதக் கணக்கைப் படிக்கும்போது அவர்களைக் கழித்துவிட்டே மிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.